ஒரு தொகுதி ரசாயனம், ஒரு காலாண்டு: தைனான் சிப் ஆலையில் 2019-இல் நடந்தது

எதைப் பற்றிய ஆய்வு

2019 ஜனவரியில், தைவானின் தைனான் நகரில் உள்ள டிஎஸ்எம்சி நிறுவனத்தின் ஃபேப் 14பி ஆலையில், 12/16 நானோமீட்டர் வகை வேஃபர்களில், அதாவது சிப்களை உருவாக்கும் சிலிக்கான் தகடுகளில், தேற வேண்டிய அளவுக்குச் சிப்கள் தேறவில்லை. கரண்ட் போகவில்லை, தீ விபத்து இல்லை, நிலநடுக்கம் இல்லை. வெளியிலிருந்து வாங்கிய ஒரு ரசாயனத்தின் ஒரே ஒரு தொகுதி சரியில்லாமல் போயிருந்தது. அதற்கு நிறுவனம் கொடுத்த விலை, ஒரு காலாண்டில் சுமார் 55 கோடி டாலர் வருமானம்.

சிப் தயாரிப்பு ஏன் கடினம் என்று கேட்டால் பெரும்பாலும் "எல்லாம் அவ்வளவு சின்னது" என்றுதான் பதில் வரும். அது பாதி உண்மை. மீதிப் பாதி இந்த நிகழ்வில் இருக்கிறது: தப்பு நடக்கும் இடமும் நேரமும் வேறு, அது தெரியவரும் இடமும் நேரமும் வேறு. அந்த இடைவெளியில் ஆலை நிற்பதில்லை.

நிகழ்வின் தேதிகளும் தொகைகளும் நிறுவனமே வெளியிட்ட அறிவிப்புகளில் உள்ளவை. ரசாயனம் கொடுத்தவர் யார், எந்தப் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதை நிறுவனம் வெளியிடவில்லை. இந்த ஆய்வுக்கு அது தேவையும் இல்லை. ஆலைக்குள் என்ன நடக்கும் என்ற விளக்கங்கள் இந்தத் துறையில் பொதுவாக உள்ள நடைமுறையை வைத்து எழுதியவை.

பின்னணி: சிப் என்பது என்ன

தூய சிலிக்கான் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் அல்லது போரான் கலந்தால் கடத்தத் தொடங்கும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு. மேலே மெல்லிய காப்புப் படலம் போட்டு, அதன்மேல் ஒரு மின்முனை வைத்து அழுத்தம் கொடுத்தால், அடியில் மின்சாரம் ஓடுவதைத் திறக்கலாம், மூடலாம். அதுதான் டிரான்சிஸ்டர். கை வைக்காமல் மின்சாரத்தாலேயே இயங்கும் ஒரு சுவிட்ச். இப்படிக் கோடிக்கணக்கான சுவிட்சுகளையும் அவற்றை இணைக்கும் தாமிரக் கம்பிகளையும் ஒரே சிலிக்கான் துண்டின்மேல் உருவாக்கினால் அது சிப்.

"உருவாக்கினால்" என்றுதான் சொல்ல வேண்டும், "கோர்த்தால்" என்று சொல்ல முடியாது. ஒரு பைக்கை உதிரிபாகங்களாகச் செய்து, ஒவ்வொன்றையும் சோதித்து, கெட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கோர்க்கலாம். சிப்பில் தனி உதிரிபாகம் என்று எதுவும் இல்லை. எல்லா டிரான்சிஸ்டர்களும் ஒரே நேரத்தில், இருக்கும் இடத்திலேயே, அடுக்கடுக்காக வளர்க்கப்படுகின்றன. நடுவில் ஒன்று கெட்டால் அதைக் கழற்றி மாற்ற வழியில்லை.

2016-இல் ஐபோன் 7-இல் வந்த ஏ10 சிப் இந்த 16 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டதுதான். 125 சதுர மில்லிமீட்டர் பரப்பில் அதில் 330 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 16 என்பது உண்மையில் ஒரு பெயர்தான், சிப்புக்குள் அந்த அளவில் எதையும் தேட வேண்டாம். டிரான்சிஸ்டரின் துடுப்பு போன்ற சிலிக்கான் மேடுகள் 48 நானோமீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. மிக நெருக்கமான கம்பிகள் 64 நானோமீட்டருக்கு ஒன்றாக ஓடுகின்றன. சிலிக்கான் படிகத்தின் ஓர் அலகே அரை நானோமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், இங்கே எல்லாவற்றையும் கிட்டத்தட்ட அணுக்களின் எண்ணிக்கையில் பேசலாம்.

தொடக்கம் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு. அதுதான் வேஃபர். ஏ10 அளவுள்ள சிப் என்றால் ஒரு வேஃபரில் ஏறக்குறைய 500 இடம்பிடிக்கும். 25 வேஃபர்களை மூடிய பெட்டி ஒன்றில் வைத்து, கூரையில் ஓடும் தண்டவாளத்தின் வழியே இயந்திரத்துக்கு இயந்திரம் அனுப்புவார்கள். ஒரு படலம் படியவைப்பது, அதன்மேல் வடிவம் வரைவது, வேண்டாத பகுதியை அரித்து எடுப்பது, கழுவுவது, தேய்த்துச் சமப்படுத்துவது. இதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இந்த வகைச் சிப்பில் வடிவம் வரையும் சுற்று மட்டும் ஐம்பது அறுபது முறை வரும். எல்லாப் படிகளையும் சேர்த்தால் ஆயிரத்தை ஒட்டிப் போகும். வேஃபர் உள்ளே நுழைந்து வெளியே வர இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். ஆயிரம் படிகள். ஒவ்வொன்றும் 99.9 சதவீதம் சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு எந்தத் தொழிலிலும் அது பிரமாதமான எண். ஆனால் ஆயிரம் படிகளையும் தாண்டிப் பிழைப்பது 37 சதவீதம்தான். 90 சதவீதம் பிழைக்க வேண்டுமானால் ஒவ்வொரு படியும் 99.99 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். கடைசியில் தேறும் இந்தச் சதவீதத்தைத்தான் ஆலையில் யீல்ட் என்கிறார்கள். அங்கே எல்லாப் பேச்சும் கடைசியில் அதில்தான் வந்து நிற்கும்.

பின்னணி: வடிவம் வரையும் திரவம்

இந்த நிகழ்வின் நாயகன் ஃபோட்டோரெசிஸ்ட். ஒளி பட்டால் குணம் மாறும் திரவம் அது. அதைப் பூசும் இடத்தில் விளக்குகள் எல்லாம் மஞ்சளாகவே இருக்கும். சாதாரண வெள்ளை விளக்கில் உள்ள நீல, புறஊதாக் கதிர்கள் ரெசிஸ்டைக் கெடுத்துவிடும்.

வேஃபர் ஒரு சுழலும் மேடையில் உட்காரும். நடுவில் ஒரு மெல்லிய குழாய் வந்து ஒரு மில்லிலிட்டர் அளவில் திரவத்தை விடும். மேடை வேகமெடுத்ததும் திரவம் ஓரம்வரை பரவி, மிச்சம் சிதறிப்போய், ஏறக்குறைய 100 நானோமீட்டர் தடிமனுள்ள படலமாக நிற்கும். சூடான தட்டில் ஒரு நிமிடம் வைத்தால் கரைப்பான் ஆவியாகிப் படலம் இறுகும். அப்புறம் ஸ்கேனர் இயந்திரம். அதில் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி, வடிவம் பொறித்த மாஸ்க் வழியாக வந்து, பெரிய லென்ஸ்களில் சுருங்கி, லென்ஸுக்கும் வேஃபருக்கும் நடுவே தேங்கி நிற்கும் தூய நீரைக் கடந்து ரெசிஸ்டில் விழும். இந்த ஒளியால் ஒரே தடவையில் வரைய முடிவது 80 நானோமீட்டர் இடைவெளி வரைதான். 64 வேண்டுமானால் வடிவத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு தடவை வரைய வேண்டும். இரண்டும் சில நானோமீட்டருக்குள் பொருந்த வேண்டும்.

ரெசிஸ்டின் வேதியியலைக் கொஞ்சம் பார்த்தால்தான் பின்னால் நடந்தது புரியும். அதில் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு: உடம்பாக இருக்கும் பாலிமர், ஒளி பட்டால் அமிலம் விடும் ஒரு மூலக்கூறு, அந்த அமிலம் கண்டபடி பரவாமல் தடுக்கும் ஒரு காரப் பொருள். ஒளி பட்ட இடத்தில் பிறக்கும் அமிலம் மிகக் குறைவு. ஆனால் அடுத்த சூட்டில் ஒரே அமில மூலக்கூறு பக்கத்திலுள்ள பாலிமரை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போகும், தான் மட்டும் தீராது. ஒரு துளி உறைமோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்குவது மாதிரி. மாறிய பாலிமர் டெவலப்பர் திரவத்தில் கரைந்து போகும். மாறாதது நிற்கும். நிற்பதுதான் வடிவம்.

இந்தப் பெருக்கல் இல்லாவிட்டால் ஸ்கேனர் வேகமாக ஓட முடியாது. பெருக்கல் இருப்பதால் இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. உள்ளே புகுந்த தப்பான பொருள் சொற்பமாக இருந்தாலும் அதன் விளைவு சொற்பமாக இருக்காது.

2019 ஜனவரி 19: கவனித்தது

நிறுவனத்தின் அறிவிப்புப்படி ஜனவரி 19 அன்று 12/16 நானோமீட்டர் வேஃபர்களின் யீல்ட் வழக்கத்தைவிடக் குறைந்திருப்பது தெரிந்தது. 12 என்பது தனிப் பிறவி இல்லை, 16-ஐச் செம்மைப்படுத்திய வடிவம். இரண்டும் ஒரே வரிசையில் ஓடும்.

யீல்ட் சரிந்தால் ஆலையில் முதலில் தேடுவது ஒற்றுமையை. கெட்ட வேஃபர்கள் எல்லாம் ஒரே இயந்திரத்தின் வழியாக வந்தவையா? ஒரே அறையில் இருந்தவையா? ஒரே நாளில் ஒரே படியைக் கடந்தவையா? ஒவ்வொரு வேஃபருக்கும் அது தொட்ட இயந்திரம், அறை, நேரம், அந்த நேரத்தில் இணைத்திருந்த ரசாயனப் புட்டியின் தொகுதி எண் எல்லாம் பதிவாகியிருக்கும். கெட்டவற்றையும் நல்லவற்றையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், பல இயந்திரங்களில் பரவிக் கிடக்கும் குறைபாடு ஒரே தொகுதி எண்ணில் வந்து குவிவது தெரியும். வேஃபரின் வரைபடத்தில் குறைபாடுகள் விழும் விதமும் துப்பு கொடுக்கும். ஓரத்தில் வளையமாக விழுந்தால் ஒரு காரணம், கீறலாக விழுந்தால் வேறு காரணம்.

இங்கே தேடல் ஒரு வழங்குநரிடமிருந்து வந்த ஃபோட்டோரெசிஸ்ட் தொகுதி ஒன்றில் போய் நின்றது. அதில் உள்ள ஒரு குறிப்பிட்ட கூறு வழக்கத்துக்கு மாறாகப் பதப்படுத்தப்பட்டிருந்ததாகவும், அதனால் ரெசிஸ்டுக்குள் அந்நியமான ஒரு பாலிமர் உருவாகியிருந்ததாகவும் நிறுவனம் சொன்னது.

அப்படி ஒரு பாலிமர் என்ன செய்யும்? பொதுவாக இரண்டு விதமான தொல்லை வரும். அது டெவலப்பரில் கரையாமல் நின்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே காலியாக இருக்க வேண்டிய பள்ளத்தில் சிறு பாலம் மிஞ்சும். கரையும் வேகம் மட்டும் மாறினால் கோடு எங்கோ ஓரிடத்தில் தடித்தோ மெலிந்தோ போகும். எதுவானாலும் அடுத்து வரும் அரிப்பு இயந்திரம் அதைக் கேள்வி கேட்காது. ரெசிஸ்டில் இருக்கும் வடிவத்தை, பிழையோடு சேர்த்து, அடியிலுள்ள அடுக்கில் செதுக்கிவிடும்.

ஏன் வாசலிலேயே பிடிபடவில்லை

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசும்போது பலர் முதலில் கேட்பது, "வாங்கும்போதே சோதிக்க மாட்டார்களா?" என்றுதான். சோதிப்பார்கள். ஒவ்வொரு தொகுதியும் வழங்குநரின் சோதனைச் சான்றோடு வரும். பிசுபிசுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு, சோடியம், இரும்பு போன்ற உலோகங்கள் நூறு கோடியில் எத்தனை பங்கு, மிதக்கும் துகள்கள் எத்தனை. உலோகம் புகுந்திருந்தால் இதில் மாட்டியிருக்கும். தூசி புகுந்திருந்தாலும் மாட்டியிருக்கும். ஆனால் ரெசிஸ்டே ஒரு பாலிமர். பாலிமர் கரைசலில் இன்னொரு பாலிமர் கொஞ்சம் கலந்திருப்பதைப் பிசுபிசுப்போ உலோகக் கணக்கோ காட்டாது. பூசும் குழாய்க்கு முன்னால் சில நானோமீட்டர் துளையுள்ள வடிகட்டி இருக்கும். கரைந்திருக்கும் மூலக்கூறுகள் அதில் தங்காது. பசைபோல் மென்மையாக இருக்கும் துணுக்கும் நெளிந்து தப்பிவிடும்.

சரி, பூசி வரைந்த பிறகாவது பார்க்க மாட்டார்களா? பார்ப்பார்கள், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. மின்னணு நுண்ணோக்கி ஒன்று, பெட்டிக்கு ஓரிரண்டு வேஃபரை எடுத்து, அதில் சில இடங்களில் கோட்டின் அகலத்தை அளக்கும். முழு வேஃபரையும் மிக நுணுக்கமாகத் தேடும் இயந்திரங்கள் மெதுவானவை. ஸ்கேனர் மணிக்கு இருநூறு வேஃபருக்கு மேல் தள்ளும்போது எல்லாவற்றையும் அந்த நுணுக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் ஆலை நகராது. அதனால் மாதிரி எடுத்துத்தான் பார்க்கிறார்கள். அளக்கும் இடங்களில் கோடு வரம்புக்குள் இருந்தால் பெட்டி அடுத்த படிக்குப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் பெரிய வாய்ப்பு ஒன்று கைநழுவுகிறது. சிப் தயாரிப்பில் திரும்பிப் போக முடிகிற படிகள் மிகச் சில. அவற்றில் முக்கியமானது வடிவம் வரைவது. வரைந்தது சரியில்லை என்று அரிப்புக்கு முன்பே தெரிந்தால், ரெசிஸ்டைக் கழுவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி மறுபடி வரையலாம். நஷ்டம் சில மணிநேரம். அரிப்பு முடிந்துவிட்டால் அந்த வேஃபருக்கு மீட்சி இல்லை. அதற்குப் பிறகு வரும் நூற்றுக்கணக்கான படிகளும், அந்தப் படிகளில் செலவாகும் வாயு, ரசாயனம், இயந்திர நேரம் எல்லாமும், ஏற்கெனவே செத்துப்போன சிப்களின்மேல் கொட்டப்படுகின்றன.

அப்புறம் எப்போதுதான் தெரியும்? வேஃபரில் சிப்களுக்கு நடுவேயுள்ள வெட்டுக்கோட்டுப் பகுதியில் சோதனைக்கென்றே சில டிரான்சிஸ்டர்களும் கம்பிகளும் வைத்திருப்பார்கள். அவற்றின் மின்குணத்தை அளப்பது, போதிய அடுக்குகள் ஏறிய பின்புதான் முடியும். ஒவ்வொரு சிப்பையும் ஊசிமுனையால் தொட்டுச் சோதிப்பது இன்னும் தள்ளி. தப்பு எந்த அடுக்கில் நடந்தது என்பதைப் பொறுத்து, நடுவில் நாள்களும் ஆகலாம், வாரங்களும் ஆகலாம்.

கணக்குக்காக ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். மாதம் 10,000 வேஃபர். கெட்ட ரெசிஸ்ட் பட்ட அடுக்குக்கும் அதைக் காட்டிக்கொடுக்கும் மின்சோதனைக்கும் நடுவே 15 நாள். முதல் கெட்ட வேஃபர் சோதனை மேடைக்கு வந்து சேரும்போது, அதன் பின்னால் 5,000 வேஃபர்கள் அதே ரெசிஸ்டைத் தாண்டி வந்துவிட்டன. தப்பு எவ்வளவு பெரியது என்பது இந்தக் கணக்கில் வரவேயில்லை. இடைவெளியை ஆலையின் வேகத்தால் பெருக்கினால் நஷ்டம் வந்துவிடும்.

இதே நிறுவனத்தில் ஐந்து மாதம் முன்பு, 2018 ஆகஸ்ட் 3 அன்று, கணினி வைரஸ் புகுந்து பல ஆலைகளில் இயந்திரங்கள் நின்றன. பார்க்க அதுதான் பயங்கரமாக இருந்தது. ஆனால் நின்ற இயந்திரம் நின்றது என்று உடனே தெரியும், சரிசெய்யவும் சில நாள்கள் போதுமாயிருந்தன. கெட்ட ரெசிஸ்டோடு ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் எந்த விளக்கையும் எரியவிடாது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

முதல் முடிவு: ஜனவரி கடைசி

செய்தி ஜனவரி 28 அன்று வெளியே வந்தது. அப்போது நிறுவனத்தின் நிலை நிதானமாகவே இருந்தது. பாதிக்கப்பட்ட வேஃபர்களில் பெரும்பகுதியை அந்தக் காலாண்டுக்குள்ளேயே ஈடுகட்டிவிடலாம், முன்பு சொன்ன வருமான மதிப்பீட்டை மாற்றத் தேவையில்லை என்றது.

அப்படி நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-இன் முதல் காலாண்டு சிப் தொழிலுக்கே மந்தமான காலம். ஸ்மார்ட்ஃபோன் விற்பனை தளர்ந்திருந்தது, கிரிப்டோ காசு உருவாக்கும் சிப்களுக்கான தேவை சரிந்திருந்தது. ஆலையில் இடம் இருந்தது. ஆனால் இடம் இருந்தால் மட்டும் போதாது. இன்று புதிதாக நுழையும் வேஃபர் வெளியே வர இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஜனவரி கடைசியில் தொடங்கினால் மார்ச் முடிவதற்குள் வருவது சந்தேகம். இந்தத் தொழிலில் அவசரம் என்று பெட்டிக்கு முன்னுரிமை கொடுக்கலாம், ஆனால் முன்னுரிமை கிடைத்த பெட்டியும் எல்லா அடுக்குகளையும் கடந்துதான் வர வேண்டும்.

ரெசிஸ்டை வேறு ஆளிடமிருந்து வாங்கிச் சமாளிப்பதும் உடனே நடக்கிற காரியம் இல்லை. மாஸ்க்கில் உள்ள வடிவமே, அந்தக் குறிப்பிட்ட ரெசிஸ்ட் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணித்து முன்கூட்டியே திருத்தி வரைந்தது. ரெசிஸ்ட் மாறினால் ஒளியின் அளவு, சூட்டின் அளவு, சில சமயம் மாஸ்க்கே மாற வேண்டியிருக்கும். வாடிக்கையாளரின் ஒப்புதலும் வேண்டும். அதே வழங்குநரின் நல்ல தொகுதிக்குத் திரும்புவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

இரண்டாம் முடிவு: பிப்ரவரி 15

பிப்ரவரி 15 அன்று வந்த அறிவிப்பு முதல் நிலையை மாற்றியது. முன்பு எண்ணியதைவிட அதிக வேஃபர்களைக் கழிப்பதென்று நிறுவனம் முடிவு செய்தது. சொன்ன காரணம், வாடிக்கையாளருக்குப் போகும் வேஃபர்களின் தரம்.

என் பார்வையில் இந்த நிகழ்வில் எடுத்த மிகக் கடினமான முடிவு இதுதான். ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியாகச் சோதிக்க வழி இருக்கும்போது, தேறியதை விற்றுவிட்டுத் தேறாததை மட்டும் கழிக்கலாமே என்று தோன்றும். முதல் மதிப்பீட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது.

சிக்கல் அரைகுறையாகக் கெட்ட சிப்களில் இருக்கிறது. முழுப் பாலம் விழுந்தால் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொள்ளும், சோதனையில் மாட்டும். பாலம் முக்கால்வாசி தூரம் வந்து நின்றுவிட்டால் மாட்டாது. இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய காப்பு கால்வாசி மட்டுமே மிச்சம். இன்று தாங்கும். ஓர் ஆண்டு சூட்டிலும் மின்னழுத்தத்திலும் இருந்த பிறகு ஒருநாள் உடையும். கோடு மெலிந்த இடத்திலும் இதே கதைதான். குறுகிய தாமிரத்தில் மின்னோட்டம் நெருக்கமாக ஓடி, அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கடைசியில் கம்பியை அறுத்துவிடும். சோதனை மேடையில் தேறிய சிப், வாங்கியவரின் கையில் போய்ச் சாகும்.

சிப்பை அதிக வெப்பத்தில், அதிக மின்னழுத்தத்தில் சில மணிநேரம் ஓடவிட்டுப் பலவீனமானவற்றை முன்கூட்டியே சாகடிக்கும் முறை உண்டு. பலவீனம் எப்படிப்பட்டது, எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்திருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். தெரியாத பாலிமர் தெரியாத இடங்களில் என்ன செய்திருக்கிறது என்ற நிலையில், எத்தனை மணிநேரம் ஓடவிட்டால் போதும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. பிறர் வடிவமைத்த சிப்பைச் செய்து கொடுக்கும் ஆலை என்பதால், கெட்டது கடைக்குப் போனால் போவது வாடிக்கையாளரின் பெயர். கழிப்பதுதான் குறைந்த செலவு என்று அவர்கள் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

அதே அறிவிப்பில் இன்னொரு முடிவும் இருந்தது. இரண்டாம் காலாண்டில் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை முதல் காலாண்டுக்கு இழுத்துக்கொள்வது. அதனால் சுமார் 23 கோடி டாலர் வருமானம் முன்னால் வரும் என்றார்கள். மந்தமான காலம் என்பதால் காலியாக இருந்த இடம் இதற்காவது பயன்பட்டது.

என்ன ஆயிற்று

முதல் காலாண்டு வருமானத்துக்கு முதலில் சொன்ன மதிப்பீடு 730 முதல் 740 கோடி டாலர். அது 700 முதல் 710 கோடியாகக் குறைக்கப்பட்டது. ரெசிஸ்டால் போனது சுமார் 55 கோடி, முன்னால் இழுத்ததால் வந்தது சுமார் 23 கோடி. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த வித்தியாசம் வருகிறது. மொத்த லாப விகிதத்தில் 2.6 சதவீதப் புள்ளிகள் குறையும் என்றும் நிறுவனம் கணித்தது. விற்காத வேஃபருக்கு வருமானம் இல்லை, ஆனால் அதன்மேல் கொட்டிய செலவு அப்படியே நிற்கிறது. அதனால்தான் வருமானத்தோடு லாப விகிதமும் சேர்ந்து விழுந்தது.

ஏப்ரலில் வந்த கணக்கில் அந்தக் காலாண்டு வருமானம் 710 கோடி டாலர், திருத்திய மதிப்பீட்டின் மேல்விளிம்பு. மொத்த லாப விகிதம் 41.3 சதவீதம். கழித்த வேஃபர்களுக்குப் பதிலானவை இரண்டாம் காலாண்டில் போய்ச் சேரும் என்று பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தார்கள். இரண்டாம் காலாண்டு வருமானம் 775 கோடி டாலர். நஷ்டத்தில் பெரும்பகுதி தாமதம்தான், நிரந்தர இழப்பு இல்லை என்று இதை வைத்துச் சொல்லலாம். எல்லா இடமும் நிரம்பி ஓடும் காலத்தில் இதே தொகுதி வந்திருந்தால் ஈடுகட்ட இடமே இருந்திருக்காது.

எது மாறியது, எது மாறலாம்

நிறுவனம் அறிவித்த திருத்தங்கள் இரண்டு. ஓட்டத்தின் நடுவிலேயே வேஃபர்களை ஆய்வு செய்வதை வலுப்படுத்துவது. உள்ளே வரும் மூலப்பொருளின்மேல் கட்டுப்பாட்டை இறுக்குவது.

உள்ளே வரும் ரெசிஸ்டைப் பொறுத்தவரை, வேதிச் சான்றைவிட நம்பத்தக்க சோதனை ஒன்றுதான்: அதைப் பூசி, வரைந்து, டெவலப் செய்து பார்ப்பது. அதுவும் சும்மா வெற்று வேஃபரில் போதாது. உண்மையான சிப்பில் உள்ள மிக நெருக்கமான கோடுகளை வரைந்து, முழுப் பரப்பையும் தேடி, பழைய நல்ல தொகுதியோடு ஒப்பிட வேண்டும். அதற்குமேல் ஒரு படி போய், ஒரே ஒரு அடுக்கை மட்டும் வரைந்து, அரித்து, தாமிரம் நிரப்பி மின்சோதனைவரை கொண்டுபோகும் குறுஞ்சுற்று வேஃபர்களை ஓட்டலாம். முழுச் சிப்புக்கு மாதங்கள் ஆவது இதில் சில நாள்களில் முடியும். ஒட்டிய கம்பி, அறுந்த கம்பி இரண்டும் நேரடியாகத் தெரிந்துவிடும்.

இதில் விலையும் உண்டு. சில நாள் சோதனைக்குக் காத்திருக்கும் தொகுதி என்றால் அத்தனை நாளுக்கான இருப்பைக் கூடுதலாக வைக்க வேண்டும். ரெசிஸ்டுக்கு ஆயுள் உண்டு, குளிரில் வைத்தாலும் சில மாதங்களுக்குமேல் தாங்காது. ஸ்கேனர் நேரமும் சோதனைக்குப் போகும். ஆலையிலேயே விலை உயர்ந்த நேரம் அதுதான்.

எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றும் இன்னொரு மாற்றம் செலவு குறைந்தது. புதிய தொகுதியை ஒரே நாளில் எல்லாப் பூச்சு இயந்திரங்களிலும் இணைக்காமல், முதலில் ஒன்றிரண்டில் மட்டும் இணைத்து, அங்கிருந்து போன வேஃபர்கள் முதல் மின்சோதனையைத் தாண்டிய பிறகு மற்றவற்றுக்குக் கொடுப்பது. கெட்ட தொகுதி வருவதை இது தடுக்காது. மேலே போட்ட கற்பனைக் கணக்கில், இருபது இயந்திரங்களில் இரண்டு மட்டும் புதிய தொகுதியில் ஓடியிருந்தால் 5,000 என்பது 500 ஆகியிருக்கும். புட்டி எண்ணை வேஃபரோடு சேர்த்துப் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால்தான் இது நடக்கும். இரண்டு விதத் தொகுதிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் என்பதால், யீல்ட் சரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வேஃபர்களும் அன்றே கையில் இருக்கும்.

மாதிரி எடுத்துப் பார்ப்பதில் செய்யக்கூடியதற்கு எல்லை இருக்கிறது. பெட்டிக்கு இரண்டு வேஃபர் பார்த்த இடத்தில் நான்கு பார்க்கலாம், அளக்கும் இடங்களைக் கூட்டலாம், பாலம் விழ வாய்ப்புள்ள நெருக்கமான வடிவங்களைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அகலத்தை அளக்கும் இயந்திரம் அகலத்தைத்தான் சொல்லும், பாலத்தைத் தேடும் இயந்திரம் பாலத்தைத்தான் காட்டும். 2019 ஜனவரிக்குப் பிறகு, ரெசிஸ்டுக்குள் அந்நிய பாலிமர் இருக்கிறதா என்பதும் தேட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ந்துகொண்டது.